100 ரூபாயில் 20 கொடுத்தா ஏன் வேண்டாம்கிறாங்க?

காட்பாடி ஜங்ஷன்: கல்லூரி வகுப்புல அல்டிமேட்டம் கேம் நடத்தப் போறேன். ஒருத்தர் கையில 100 ரூபாய். அடுத்தவருக்கு எவ்வளவுன்னு அவர் சொல்லணும். அடுத்தவர் சரின்னா அப்படியே பிரிச்சுக்கலாம், வேண்டாம்னா ரெண்டு பேருக்கும் ஒண்ணும் கிடையாது. 20-க்குக் கீழே போனா சுமார் பாதிப் பேர் வேண்டாம்கிறாங்களாமே. 20 ரூபாய் பூஜ்யத்தைவிட அதிகம்தானே, ஏன் விடுறாங்க? இதை வகுப்புல எப்படிக் காட்டறது?

மண்டித் தெரு: இதுல என்ன ஆச்சரியம்? நேதாஜி மார்க்கெட்ல முதல்ல சொன்ன விலைக்கு யாரும் தலையாட்ட மாட்டாங்க. வேண்டாம்னு நாலு அடி நடந்தா பின்னாடியே கூப்பிடுவான். 20-ஐ மறுத்தா 40 வரும்னு ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான்.

சத்துவாச்சாரி கணக்கன்: 20 ரூபாய்க்கு இன்னைக்கு என்ன வாங்க முடியும்? தொகை சின்னது, அதனால ரோஷம் மலிவாக் கிடைக்குது. லட்ச ரூபாய் வெச்சுப் பாருங்க, ரோஷம் எங்க போச்சுன்னு தேடணும்.

பாலாற்று மணல்: மண்டித் தெரு அண்ணே, இந்த ஆட்டத்துல பின்னாடி கூப்பிடுற கட்டமே இல்ல. ஒரே ஒரு தடவை சொல்லணும், ஒரே ஒரு பதில். எதிர்ல யார்னு தெரியாது, நாளைக்கு அவரைப் பார்க்கப் போறதும் இல்ல. 1982-ல ஜெர்மனியில கூத் குழுவினர் முதல்முதலா நடத்தினப்பவே பேரத்தோட வாலை வெட்டிட்டாங்க. வெட்டின பிறகும் மறுப்பு நிக்கலை, அதுதான் சேதி.

கணக்கன் சார் சொன்னது பாதி சரி. 2011-ல வந்த ஆய்வு ஒண்ணுல, வடகிழக்கு இந்தியக் கிராமங்கள்ல 20 ரூபாயிலிருந்து 20,000 வரைக்கும் வெச்சுப் பார்த்தாங்க. பிரிக்கிறவர் கம்மியாக் கொடுக்கும்படி விதிமுறைத் தாள்லயே தூண்டிவிட்டிருந்தாங்க. இல்லாட்டி பெரும்பாலானவங்க 40, 50-ன்னு கொடுத்துடுவாங்க, மறுப்பைப் பார்க்கவே வழியிருக்காது. 20,000 வெச்ச இடத்துல மறுப்பு கிட்டத்தட்ட மறைஞ்சே போச்சு. அதனால ரோஷத்துக்கு ஒரு விலை இருக்குன்னு ஒத்துக்கறேன். ஆனா விலை இருக்கறதாலயே அது இல்லாத பொருள் ஆயிடாது. எதுக்காக அந்த விலையைக் கொடுக்கறாங்கங்கறதுதான் கேள்வி.

சத்துவாச்சாரி கணக்கன்: அதுக்கும் கணக்கு இருக்கு. ஃபேர், ஷ்மிட் ரெண்டு பேரும் 1999-லயே போட்டுட்டாங்க. அடுத்தவன் என்னைவிட எவ்வளவு அதிகமா எடுக்கறான்ங்கற வித்தியாசம் எனக்கு ஒரு நஷ்டம். மொத்தம் 10 காசு, அவனுக்கு 8, எனக்கு 2-ன்னு வைங்க. வித்தியாசம் 6. ஒவ்வொரு காசு வித்தியாசமும் என்னை α அளவு உறுத்துதுன்னா எனக்கு மிஞ்சறது இவ்வளவுதான்:

```
2 − 6α
```

α மூணுல ஒரு பங்கைத் தாண்டினா இது பூஜ்யத்துக்குக் கீழ போயிடும். வேண்டாம்னு சொல்றதே லாபம். ஏற்றத்தாழ்வு பிடிக்கலை, விஷயம் முடிஞ்சது.

பாலாற்று மணல்: முடியலை சார். அந்த 8-க்கு 2-ஐயே எடுத்துக்குவோம். 2003-ல ஃபால்க், ஃபேர், ஃபிஷ்பாக்கர் மூணு பேரும் நாலு ஆட்டம் வெச்சாங்க. நாலுலயும் பிரிக்கிறவர் முன்னாடி ரெண்டு வழி. ஒரு வழி எப்பவும் '8 எனக்கு, 2 உனக்கு'. இன்னொரு வழி மட்டும் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும்.

பாதிக்குப் பாதி கொடுக்க வழி இருந்தும் 8-2-ஐ எடுத்தப்போ 44 சதவீதம் பேர் மறுத்தாங்க. இன்னொரு வழி '2 எனக்கு, 8 உனக்கு'ன்னு இருந்தப்போ 27 சதவீதம். இன்னொரு வழியும் அதே 8-2, அதாவது அவருக்கு வேற போக்கே இல்லாதப்போ 18. இன்னொரு வழி '10-ம் எனக்கே'ன்னு இருந்தப்போ வெறும் 9.

உங்க 2 − 6α நாலு ஆட்டத்துக்கும் ஒண்ணுதான். கையில வர்ற 2 மாறலை, வித்தியாசம் 6-ம் மாறலை. அப்படின்னா மறுப்பும் மாறியிருக்கக் கூடாது. 44-லிருந்து 9-க்கு இறங்குதுன்னா, ஜனங்க காசை மட்டும் எண்ணலை. அவன் என்ன செய்திருக்கலாம், செய்யாம விட்டான்னு பார்க்கறாங்க.

மண்டித் தெரு: இப்ப புரியுது. கமிஷன் விகிதம் சங்கம் போட்டதுன்னா முணுமுணுத்துக்கிட்டே வாங்கிக்குவோம். அதே விகிதத்தை அவனா வாய்ல சொன்னா சண்டைக்குப் போவோம். காசு ரெண்டுலயும் ஒண்ணுதான்.

ஆரணி ஜரிகை: மணல் சார், நல்லா இருந்த எண்களை மட்டும் காட்டிட்டு அந்த 18-ஐத் தாண்டிப் போயிட்டீங்க. பிரிக்கிறவருக்கு வேற வழியே இல்ல, கெட்ட எண்ணம்னு சொல்ல இடமே இல்ல. அப்பவும் ஆறு பேர்ல ஒருத்தர்கிட்ட மறுக்கறாங்க. அங்க கணக்கன் சார் சொல்ற உறுத்தல்தான் நிக்குது.

அதைவிட உங்களுக்குச் சங்கடமான ஆட்டம் ஒண்ணு இருக்கு. யாமகிஷி குழுவினர் 2009-ல ஜப்பான்ல செய்தது. மறுத்தா மறுத்தவருக்கு மட்டும்தான் பூஜ்யம், பிரிச்சவர் தன் பங்கை எடுத்துக்கிட்டுப் போயிடுவார். தண்டனையும் இல்ல, ஏற்றத்தாழ்வு இன்னும் அதிகமாத்தான் ஆகுது. அப்படியும் மோசமான பங்கை 30-லிருந்து 40 சதவீதம் பேர் மறுத்தாங்க. 'அவன் எண்ணத்துக்குத் தண்டனை'ன்னு இதை எப்படிச் சொல்வீங்க? 'உறுத்தல் கணக்கு'ன்னும் சொல்ல முடியாது.

பாலாற்று மணல்: 18-ஐப் பத்திச் சொன்னது சரி மேடம், எண்ணம் மட்டும்தான்னு நான் சாதிக்கலை. ஜப்பான் ஆட்டத்துக்கு என்கிட்ட முழுப் பதில் இல்ல. 'இதுக்கு நான் உடந்தை இல்லை'ன்னு தனக்குத்தானே சொல்லிக்கறதுன்னு ஒரு விளக்கம் உண்டு. ஆனா சாதாரண ஆட்டத்துல மறுப்பு இதைவிடக் கூடுதல், அந்தக் கூடுதல்ல தண்டனைக்குப் பங்கு இருக்கு.

சத்துவாச்சாரி கணக்கன்: சூத்திரத்துல எண்ணத்துக்கும் ஒரு உறுப்பு சேர்த்தா சரியாயிடும்.

ஆரணி ஜரிகை: ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு உறுப்பு சேர்த்துக்கிட்டே போனா அது விளக்கமா, ஒட்டுப்போட்ட புடவையா?

காட்பாடி ஜங்ஷன்: சண்டை நல்லாத்தான் இருக்கு. வகுப்புக்கு என்ன செய்யட்டும்? 60 பேர் இருக்காங்க.

பாலாற்று மணல்: 30 ஜோடி. இஷ்டத்துக்குப் பிரிக்க விடாதீங்க. மேல சொன்ன மாதிரி எல்லாரும் பாதியைக் கொடுத்துட்டா வகுப்பு சப்புன்னு போயிடும். அந்த நாலு ஆட்டத்தையே வைங்க. ரெண்டு தரப்பையும் வேற வேற அறையில உட்கார வெச்சு, பேருக்குப் பதில் எண் கொடுங்க. பதில் சொல்றவர் ஒவ்வொருத்தர்கிட்டயும் நாலு சீட்டு. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு வழியையும் அச்சடிச்சு, எது வந்தா ஏத்துக்குவீங்க, எது வந்தா மறுப்பீங்கன்னு முன்கூட்டியே குறிக்கச் சொல்லுங்க. சீட்டுகளோட வரிசையை ஆளுக்கு ஆள் கலைச்சுக் கொடுங்க. கடைசியில நாலுல ஒண்ணைக் குலுக்கி எடுத்து, அதுக்கு மட்டும் காசு. ஜோடிக்கு 100, அதிகபட்சம் 3,000 ரூபாய் ஆகும்.

விளையாட்டுக் காசு வேண்டாம், பேச்சளவுல எல்லாருமே தர்மவான். சீட்டுல 'நியாயம்', 'பேராசை' மாதிரி வார்த்தை எதுவும் வராமப் பார்த்துக்கோங்க. ஆரம்பிக்கும் முன்னாடி, 'மறுத்தா அவருக்கு எவ்வளவு, உங்களுக்கு எவ்வளவு'ன்னு எழுதச் சொல்லித் திருத்துங்க. மண்டித் தெரு அண்ணன் மாதிரி அடுத்த சுற்று இருக்குன்னு நினைக்கறவங்க அங்கேயே தெரிஞ்சிடுவாங்க.

30 பேர்ல 44 சதவீதம்னா 13 பேர், 9 சதவீதம்னா 3 பேர். அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியணும். நடுவுல 27-க்கும் 18-க்கும், அதாவது 8 பேருக்கும் 5 பேருக்கும், நடுவுல இருக்கறதை நம்பி எதுவும் பேசாதீங்க. தற்செயலாவே அவ்வளவு ஆடும்.

காட்பாடி ஜங்ஷன்: நன்றி சார். பத்து ரூபாய் நாணயமா மாத்தி வெச்சுக்கட்டுமா?

மண்டித் தெரு: நோட்டா வைங்க தம்பி. நம்ம ஊர் கடைங்கள்ல பத்து ரூபாய் நாணயத்தைப் பாதிப் பேர் வாங்கறதில்ல. பங்கு பிடிக்காம மறுத்தானா, நாணயம் செல்லாதுன்னு மறுத்தானான்னு அப்புறம் நீங்க தலையைப் பிச்சுக்கணும்.