சராசரி எடுத்த பின்பும் சரக்குச் சுழற்சி விகிதம் ஏறுகிறது: எங்கே தவறு?

பேரேட்டுக்காரர் (கேள்வி)

குடை, மழைச்சட்டை போன்ற மழைக்காலப் பொருள்களை மொத்தமாக வாங்கி விற்கும் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். விற்ற சரக்கின் அடக்கவிலை கடந்த ஆண்டில் 270 லட்சம், ஆண்டு முடிவில் எண்ணிப் பார்த்த இறுதி இருப்பு 20 லட்சம். 270-ஐ 20-ஆல் வகுத்து, சுழற்சி 13.5 தடவை, அதாவது சரக்கு ஏறக்குறைய 27 நாள்களில் விற்றுத் தீர்கிறது என்று அறிக்கையில் எழுதினேன்.

கிடங்கைப் பார்க்கும் மேலாளர் இதை ஏற்கவில்லை. பருவம் தொடங்குவதற்கு முந்தைய மாதங்களில் நடக்கக்கூட வழியில்லாமல் கிடங்கு நிறைந்து கிடக்கிறது, 27 நாள் என்பது எப்படிப் பொருந்தும் என்று கேட்டார். இறுதி இருப்பை மட்டும் எடுத்ததுதான் பிழை, சராசரி எடுத்தால் விகிதம் இறங்கிவிடும் என்று நினைத்துத் தொடக்க இருப்பான 16 லட்சத்தையும் சேர்த்து இரண்டால் வகுத்தேன். சராசரி 18 ஆனது, சுழற்சி 15 ஆக ஏறிவிட்டது. திருத்தப் போய் இன்னும் மோசமாக்கியிருக்கிறேன். கணக்கில் எங்கே தவறினேன்?

வணிகவியல் மாணவர்

உங்கள் இரண்டாவது கணக்குதான் முறையானது. ஆண்டு முழுவதும் விற்ற சரக்கை ஒரே ஒரு நாளின் இருப்போடு ஒப்பிடக்கூடாது என்பதால்தான் தொடக்க இருப்பையும் இறுதி இருப்பையும் கூட்டிச் சராசரி காண்கிறோம். விகிதம் அதிகமாகத் தோன்றினால் மேலே உள்ள எண்ணைப் பாருங்கள். அடக்கவிலைக்குப் பதில் விற்பனைத் தொகையை எடுத்திருந்தால் இலாபமும் அதில் கலந்து விகிதம் ஊதிப்போகும். 270 உண்மையில் அடக்கவிலைதானா?

பேரேட்டுக்காரர்

ஆம், அடக்கவிலைதான். தொடக்க இருப்பு 16, கொள்முதல் 274, இறுதி இருப்பு 20 என்பதிலிருந்து வந்த எண் அது.

உதிரிபாகம்

எங்களிடமும் இதே சிக்கல் இருந்தது. இயந்திர உதிரிபாகங்களுக்கு முதலில் வந்தது முதலில் போகும் முறையை விட்டுச் சராசரி விலை முறைக்கு மாறிய ஆண்டில் விகிதம் குதித்தது. நீங்களும் சராசரிக்கு மாறியதாகச் சொல்கிறீர்கள். அந்த மாற்றத்தைத் தணிக்கையாளரிடம் தெரிவித்தீர்களா?

கிடங்குக் கணக்கு

உதிரிபாகம் ஐயா, நீங்கள் சொல்வது ஒரு பொருளுக்கு என்ன விலை போடுவது என்பதைப் பற்றியது. இங்கே கேட்கப்படுவது எந்தெந்த நாள்களின் இருப்பைக் கூட்டிச் சராசரி காண்பது என்பதை. இரண்டிலும் சராசரி என்ற சொல் வருவதைத் தவிர வேறு தொடர்பு இல்லை.

பேரேட்டுக்காரருக்கு: கணக்குப் போட்டதில் பிழை இல்லை, எடுத்த நாள்களில்தான் கோளாறு. உங்கள் ஆண்டு பருவம் ஓய்ந்த பிறகு முடிகிறது, அடுத்த ஆண்டும் அதே ஓய்ந்த நாளில்தான் தொடங்குகிறது. ஆகவே 16, 20 ஆகிய இரண்டும் பள்ளத்தின் அடியில் எடுத்த அளவுகள். இரண்டு பள்ளங்களின் சராசரியும் பள்ளமாகத்தான் இருக்கும், நடுவில் நின்ற மலை அந்தக் கணக்குக்குள் வரவே இல்லை. இந்த ஆண்டின் பள்ளத்தைவிடப் போன ஆண்டின் பள்ளம் ஆழமாக இருந்ததால் சராசரி இறுதி இருப்புக்கும் கீழே இறங்கியது, விகிதம் ஏறியது. இரு முனைகளின் சராசரி ஓரளவு நம்பத்தக்கதாவது, இருப்பு ஆண்டு முழுவதும் சீராக ஏறும்போதோ சீராக இறங்கும்போதோதான்.

பன்னிரண்டு மாத முடிவுகளின் இருப்பையும் ஆண்டின் தொடக்க இருப்பையும் சேர்த்து 13 எண்களாக எடுங்கள். கிடைத்தால் இங்கே பதியுங்கள்.

வணிகவியல் மாணவர்

காலாண்டு முடிவுகள் ஐந்து போதாதா?

கிடங்குக் கணக்கு

பருவம் மூன்று நான்கு மாதங்களுக்கு அகன்றிருந்தால் பெரும்பாலும் போதும். ஆறு வாரத்தில் ஏறி இறங்கிவிடும் பருவமானால் அது இரண்டு காலாண்டு முடிவுகளுக்கு நடுவில் முழுவதுமாக ஒளிந்துகொள்ளும். எது உங்கள் நிலை என்பதே மாத எண்களைப் பார்த்த பிறகுதான் தெரியும் என்பதால் முதல் தடவை மாதக் கணக்கைத் தவிர்க்க முடியாது.

பேரேட்டுக்காரர்

மாத எண்களை எடுக்கப் போய் வேறொரு தடங்கல். மென்பொருளில் முதல் மாதத்திலிருந்து பதினோராம் மாதம் வரை இருப்பு 16 என்றே நிற்கிறது, பன்னிரண்டாம் மாதத்தில் திடீரென்று 20 ஆகிறது. நாங்கள் ஆண்டு முடிவில் ஒரு முறைதான் சரக்கை எண்ணிப் பதிவு மாற்றுகிறோம். இப்படியே 13 எண்களின் சராசரி எடுத்தால் விகிதம் 15-ஐயும் தாண்டிவிடுகிறது.

கிடங்குக் கணக்கு

அந்த 16-கள் இருப்பே அல்ல, யாரும் தொடாத பழைய பதிவு. பல மாதங்கள் ஒரே எண் அசையாமல் நின்றால் அதைச் சராசரியில் சேர்க்கக்கூடாது. மாத இருப்பை நீங்களே உருட்டிக் காண வேண்டும். முந்தைய மாத இருப்போடு அந்த மாதக் கொள்முதலைக் கூட்டி, அந்த மாதம் விற்றவற்றின் அடக்கவிலையைக் கழியுங்கள். அடக்கவிலை மாதவாரியாக இல்லாவிட்டால் விற்பனையிலிருந்து வழக்கமான மொத்த இலாப விழுக்காட்டை நீக்கி மதிப்பிடலாம். பட்டியல் வந்த தேதிக்கும் சரக்கு வந்திறங்கிய தேதிக்கும் வேறுபாடு இருந்தால் இறங்கிய தேதியையே கொள்ளுங்கள். பருவத்துக்கு முந்தைய மாதங்களில் பெரிய கொள்முதல்கள் மாதக் கடைசியில்தான் வரும், ஒரு பட்டியல் மாதம் மாறினாலும் உச்சம் இடம் மாறும்.

கடைசியில் பன்னிரண்டாம் மாதத்துக்கு வரும் எண் எண்ணிப் பார்த்த 20-உடன் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பாருங்கள். உருட்டிய கணக்கைச் சோதிக்க உங்களிடம் இருப்பது அந்த ஒரு புள்ளிதான்.

பேரேட்டுக்காரர்

இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின. உருட்டிய கணக்கில் இறுதி இருப்பு 26 வந்தது, எண்ணியது 20. ஒன்பதாம் மாதத்தில் மீந்த சரக்கைத் தள்ளுபடியில் விற்றோம், நான் அந்த மாதத்துக்கும் வழக்கமான இலாப விழுக்காட்டையே போட்டிருந்தேன். குறைந்த இலாபத்தில் விற்றால் அதே விற்பனைத் தொகைக்கு அதிகச் சரக்கு வெளியேறியிருக்கும் என்பதை உணர்ந்து 6 லட்சம் முழுவதையும் அந்த மாதத்திலேயே கழித்தேன். இப்போது தொடக்க இருப்பு 16-இல் தொடங்கி மாத முடிவுகள் இவை (லட்சத்தில்): 18, 22, 30, 50, 85, 106, 95, 65, 34, 24, 20, 20.

13 எண்களின் கூட்டு 585, சராசரி 45, சுழற்சி சரியாக 6 தடவை. 27 நாள் என்று எழுதிய இடத்தில் 61 நாள் என்று எழுத வேண்டியிருக்கிறது. மேலாளர் சொன்னதே உண்மை.

கிடங்குக் கணக்கு

இதோடு நிறுத்திக்கொண்டாலும் பெரிய தவறில்லை. ஒரு சிறு திருத்தம் உண்டு. 13 எண்களை அப்படியே கூட்டும்போது பருவம் ஓய்ந்த அந்த நாள் ஆண்டின் இரு முனைகளிலுமாக இரண்டு முறை எண்ணப்படுகிறது. முனைகளைப் பாதியாக எடுத்து 12-ஆல் வகுத்தால் சராசரி 47.25 ஆகும், சுழற்சி 5.7 ஆகும். இருப்பு C2 முதல் C14 வரை இருந்தால் சராசரிக்கு:

```
=(C2/2+SUM(C3:C13)+C14/2)/12
```

உங்கள் ஆண்டு ஆறாம் மாதத்தில் முடிவதாக வைத்துக்கொண்டு பாருங்கள். இறுதி இருப்பு 106 ஆக இருக்கும், விற்பனை அதே அளவில் நடந்திருந்தால் சுழற்சி 2.5-ஐ ஒட்டி வரும். அதே கிடங்கு, அதே வியாபாரம், ஆண்டு முடியும் தேதி மட்டும் வேறு. வேறு நிறுவனத்தின் விகிதத்தோடு உங்களுடையதை ஒப்பிடும் முன் அவர்களின் ஆண்டு எந்த மாதத்தில் முடிகிறது என்று பாருங்கள். வால்மார்ட் போன்ற பெரிய சில்லறை நிறுவனங்கள் ஆண்டை ஜனவரி 31-இல் முடிக்கின்றன. அது அவர்களின் பெரிய விற்பனைப் பருவம் ஓய்ந்த பின் வரும் நாள்.

கடன் மதிப்பீட்டாளர்

வங்கிப் பக்கத்திலிருந்து ஒரு சொல். கடன் வரம்பைச் சராசரி 45-ஐ வைத்துக் கேட்டால் ஆறாம் மாதத்தில் பணம் போதாமல் தவிப்பீர்கள். ஆண்டு முழுவதும் எவ்வளவு முதல் முடங்குகிறது என்பதற்குச் சராசரி சரி, வரம்புக்கு உச்சமான 106-தான் அடிப்படை. தவிர, அந்த 106-ஐக் கண்டு நாங்களே மிரண்டுபோவதும் உண்டு. முந்தைய மூன்று மாத விற்பனையோடு ஒப்பிட்டால் அது தேங்கிய சரக்கு போலத் தெரியும்.

கிடங்குக் கணக்கு

அதனால்தான் பருவகாலச் சரக்கை வரப்போகும் விற்பனையோடு ஒப்பிட வேண்டும். பேரேட்டுக்காரரே, நான்காம் மாதம் முதல் உங்கள் மாதவாரி அடக்கவிலை என்ன?

பேரேட்டுக்காரர்

நான்காம் மாதத்திலிருந்து 10, 15, 30, 60, 60, 35, 18, 12, 8.

கிடங்குக் கணக்கு

ஆறாம் மாத முடிவில் கையில் 106. பின்னோக்கிப் பார்த்தால் மூன்று மாதங்களில் விற்றது 55, ஆகவே சரக்கு ஆறு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடக்கும் என்று தோன்றும். முன்னோக்கிப் பார்த்தால் ஏழாம் மாதத்துக்கே 60 போய்விடும், மீதி 46 எட்டாம் மாதத்தின் நான்காம் வாரத்துக்குள் தீரும். பயப்பட ஏதுமில்லை.

ஒன்பதாம் மாத முடிவைப் பாருங்கள், அங்கே கதை தலைகீழ். கையில் 34 மட்டும், முந்தைய மூன்று மாதங்களில் விற்றது 155. பின்னோக்கிய கணக்கில் வெறும் 20 நாள் சரக்கு, எல்லாரும் மகிழ்வார்கள். ஆனால் அடுத்து வருவது 18, 12, 8 என்று இறங்கும் விற்பனை. அந்த 34 தீர இரண்டரை மாதம் ஆகும். புதிய கொள்முதலும் இடையில் வருவதால் பழையது அதற்கும் மேல் நிற்கலாம். தேக்கம் பிறக்கும் மாதத்தில்தான் விகிதம் மிக அழகாகத் தெரிகிறது.

உதிரிபாகம்

முன்பு நான் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன். ஒரு ஐயம்: 6 லட்சம் குறைந்தது தள்ளுபடியால்தான் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? சேதமாகவோ திருட்டாகவோ இருக்கக்கூடாதா? எங்கள் கிடங்கில் அப்படி ஒரு முறை நடந்தது.

பேரேட்டுக்காரர்

உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தள்ளுபடிப் பட்டியல்களை இன்று மாலை ஒவ்வொன்றாக அடக்கவிலையோடு ஒப்பிடுகிறேன்.

கிடங்குக் கணக்கு

ஒப்பிடுங்கள். ஆண்டுச் சராசரி அதனால் பெரிதாக மாறாது. ஆனால் தள்ளுபடி 4 லட்சத்துக்குத்தான் கணக்குக் காட்டினால், மீதி 2 எந்த மாதத்தில் போனது என்பது தெரியாத வரை ஒன்பதாம் மாதத்தின் 34-ஐ 36 என்றும் படிக்கலாம். வரும் ஆண்டில் அந்த மாத முடிவில் ஒரு முறையாவது கிடங்கை எண்ணிவிடுங்கள்.