டிரேட் ஜர்னலில் சார்ட் படங்கள் வரிசை மாறுகின்றன, உதவி தேவை

கூகுள் ஷீட்ஸில் டிரேட் ஜர்னல் வைத்திருக்கிறேன். ஒரு டிரேடுக்கு ஒரு வரி: என்ட்ரி, எக்ஸிட், கட்டணம், எடுத்த காரணம். இவை சரியாக இருக்கின்றன. சிக்கல் சார்ட் ஸ்கிரீன்ஷாட்டில்தான். செல்களுக்கு மேலே மிதக்கும் படமாகச் சேர்த்தேன். நஷ்ட டிரேடுகள் மேலே வர `Sort` செய்தால் வரிகள் நகர்கின்றன, படங்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. காரணம் ஒரு டிரேடுக்கு, சார்ட் வேறொன்றுக்கு என்றால் ஜர்னலால் பயனே இல்லை.

செல்லுக்குள் படத்தை வைத்துப் பார்த்தேன். கூடவே நகர்கிறது, ஆனால் கேண்டில் தெரியும் அளவுக்கு வரியை உயர்த்தினால் திரையில் இரண்டு டிரேடுதான் தெரிகிறது. அப்புறம் டிரைவ் இணைப்பை `=IMAGE()` ஃபார்முலாவில் கொடுத்தேன், படம் வரவில்லை. படங்களில் கணக்கு விவரம் இருப்பதால் பொதுத் தளத்தில் ஏற்ற முடியாது.

என்ட்ரி, எக்ஸிட் படங்கள் இரண்டும் தனிப்பட்டதாகவே இருந்து, `Sort` செய்தாலும் தங்கள் வரியை விட்டு விலகாமல், பெரிதாகத் திறக்கும்படி எப்படி அமைப்பது?