பேரப்பசங்களுக்கு தமிழ் படம்: இங்க தமிழ்ல ஓடுது, ஜெர்மனில ஓடல, என்ன பண்ணலாம்?

தண்டையார்பேட்டை பாட்டி:
எல்லாருக்கும் வணக்கம். என் பொண்ணு ஜெர்மனில ஸ்டுட்கார்ட்ல இருக்கா, பேரனுக்கு 9 வயசு பேத்திக்கு 5 வயசு. வீட்ல மட்டும்தான் தமிழ், வெளிய ஸ்கூல் ஃப்ரெண்டு எல்லாமே ஜெர்மன், நாங்க வீடியோ கால்ல தமிழ்ல கேட்டா புரியுது ஆனா பதில் ஜெர்மன்ல வருது. சரி தமிழ் படம் கார்ட்டூன் பாக்கட்டும்னு பொண்ணு காசு கட்டி ஒரு ஆப் வச்சிருக்கா. இங்க எங்க வீட்டு டிவில அதே ஆப்ல ஒரு கார்ட்டூன் படம் தமிழ்ல ஓடுது, அங்க அதே படத்துக்கு ஜெர்மனும் இங்கிலீஷும்தான் காட்டுதாம். இது ஏன்? இன்னொண்ணு, யூடியூப்ல தமிழ் கார்ட்டூன் ஒண்ணு போட்டுக் குடுத்தா பேரன் பத்து நிமிஷத்துல எழுந்து போயிட்டான், "பாட்டி இவங்க உன்ன மாதிரி பேசல"ன்னான். என்ன காட்டலாம்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

காசிமேடு 13:
ஆன்ட்டி சிம்பிள், விபிஎன் ஆப் போட்டு நாட்ட இந்தியான்னு வச்சா எல்லாம் தமிழ்ல வந்துரும். சின்ன பாப்பாவுக்கு மைட்டி லிட்டில் பீம் போடுங்க, என் அக்கா பையன் அதைத்தான் விடாம பாக்குறான்.

வியாசர்பாடி அண்ணாச்சி:
பாட்டிமா, தமிழ் இணையக் கல்விக்கழகத்துல வெளிநாட்டு பசங்களுக்குன்னே பாடம் இருக்கு, அ ஆவுலேந்து தொடங்குது. அதுல சேத்து விடுங்க.

தண்டையார்பேட்டை பாட்டி:
அண்ணாச்சி, எழுத்து கத்துக்கிறது அப்புறம், இப்ப காதுல தமிழ் விழணும், அதான் படம் கேக்குறேன்.

பெரம்பூர் டு டொரண்டோ:
அம்மா, நான் பெரம்பூர், இப்ப கனடால வாரக்கடைசி தமிழ் வகுப்பு எடுக்குறேன். எங்க வகுப்பு பசங்க வீட்லயும் இதே பிரச்சனைதான், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

முதல்ல ஆடியோ. தமிழ் டப்பிங் இந்தியாவுக்காக செய்யறது, அத எந்தெந்த நாட்டுல காட்டலாம்னு உரிமை தனித்தனி. அதனால அங்க தமிழ் வராம இருக்க ரெண்டு காரணம் இருக்கலாம், ஒண்ணு உரிமை இல்ல, இன்னொண்ணு ஆப் மறைச்சு வச்சிருக்கு. உங்க பொண்ணு எந்த ஆப் வச்சிருக்காங்கன்னு சொல்லல, நெட்ஃபிளிக்ஸா இருந்தா ரெண்டாவதா இருக்க வாய்ப்பு உண்டு. அது சில சமயம் ஒரு படத்துக்கு இருக்கிற எல்லா மொழியையும் லிஸ்ட்ல காட்டாம, அந்த நாட்டுக்கும் அந்த ப்ரொஃபைலோட மொழிக்கும் பொருத்தமான சிலத மட்டும் காட்டலாம். டிவில தேடாம கம்ப்யூட்டர்ல பிரவுசர் தொறந்து `Account` போயி, அங்க புள்ளைங்களோட ப்ரொஃபைலைத் தொட்டு, `Languages`ல தமிழ டிக் பண்ணி சேவ் பண்ணச் சொல்லுங்க. நிறைய பேர் தன்னோட ப்ரொஃபைல்ல மாத்திட்டு குழந்தையோடதுல ஓட்டிப் பாக்குறாங்க, ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் செட்டிங் தனி. அப்புறம் டிவில ஒருதடவ வெளிய வந்து திரும்ப உள்ள போகணும். அதுக்கு அப்புறமும் அந்தப் படத்துல தமிழ் இல்லன்னா உரிமை இல்லன்னு விட்டுரலாம்.

இன்னொரு பொறி, குழந்தை ப்ரொஃபைல்ல வயசு வரம்பு இருக்கும், நம்ம தமிழ் படம் பலது அதுக்கு மேல இருக்கிறதால தேடினா சுத்தமா வராது. அம்மாவோட ப்ரொஃபைல்ல தேடிப் பாருங்க, அங்க வந்து இங்க வரலன்னா காரணம் இதான்.

விபிஎன் பத்தி: காசிமேடு தம்பி சொன்னது பாதி சரி. நெட்ஃபிளிக்ஸ் அதக் கண்டுபிடிச்சா உலகம் முழுக்க உரிமை இருக்கிற படத்த மட்டும்தான் காட்டும், அதுக்கு காசு கட்டி நேரத்த வீணாக்க வேணாம். மைட்டி லிட்டில் பீம் நல்ல கார்ட்டூன்தான், ஆனா அதுல பேச்சே கிடையாது, தமிழ் எங்க விழும்?

காசிமேடு 13:
அட ஆமா, அது வாயே தொறக்காதுல்ல. சாரி ஆன்ட்டி.

தண்டையார்பேட்டை பாட்டி:
ரொம்ப நன்றிமா. பேரன் சொன்னதுக்கு என்ன பண்றது?

பெரம்பூர் டு டொரண்டோ:
அவன் சொன்னது உண்மைதாம்மா. கார்ட்டூன் டப்பிங்ல பாதி எழுத்துத் தமிழ், பாதி யாரும் வீட்ல பேசாத ஒரு தமிழ், வாயசைவுக்குள்ள அடக்கணும்னு வேகமும் ஜாஸ்தி. உங்க வீட்டுத் தமிழ் மட்டுமே காதுல விழுந்து வளந்த பையனுக்கு அது அந்நியமாத்தான் இருக்கும். அவனுக்கு உங்க பேச்சு இருக்கிற படம்தான் வேணும். காக்கா முட்டை பாருங்க, 2015ல வந்தது, தேசிய விருதுல குழந்தைகளுக்கான சிறந்த படம். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் தண்டவாளத்துல கரி பொறுக்கி வித்து பீட்ஸா திங்க ஆசைப்படுற கதை, பேச்சு முழுக்க நம்ம சென்னைப் பேச்சு.

முழுப்படத்தையும் ஒரே மூச்சுல போடாதீங்க. பாட்டி பீட்ஸா நோட்டீஸப் பாத்துட்டு வீட்லயே தோசைக்கல்லுல மாவு ஊத்தி மேல தக்காளி குடமிளகாய் எல்லாம் அடுக்கி சுட்டுக் குடுப்பாங்க, அந்த ஒரு காட்சிய மட்டும் போடுங்க, சில நிமிஷம்தான் வரும். கையில நடக்கிறது கண்ணுக்குத் தெரியுது, அதனால வார்த்த ரெண்டு விட்டுப்போனாலும் கதை புரியும். சப்டைட்டில அணைச்சிருங்க, 9 வயசுப் பையன் படிக்க ஆரம்பிச்சா காது மூடிக்கும். அடுத்த நாளும் அதே காட்சி, அப்புறம் நீங்க கால்ல "மேல என்னென்ன வச்சாங்க?"ன்னு கேளுங்க. ஆமா இல்லன்னு முடியற கேள்வி வேணாம், சாமான் பேரையாவது சொல்ற மாதிரி கேள்வி கேளுங்க. ஒண்ணு முன்னாடியே சொல்லிடுறேன், படத்துல அந்தப் பாட்டி இறந்துபோற இடம் வருது, அத நீங்களோ பொண்ணோ பக்கத்துல இருக்கும்போது பாக்கட்டும்.

பேத்திக்கு வேற வழி. சூசூ டிவி தமிழ் மாதிரி பாட்டு சேனல் போதும், ஆனா யூடியூப்ல விட்டா ரெண்டு பாட்டுக்கு அப்புறம் இங்கிலீஷுக்குப் போயிடும். யூடியூப் கிட்ஸ்ல நாம தேர்ந்தெடுத்தத மட்டும் காட்டுற செட்டிங் இருக்கு, `Approved content only`ன்னு வரும், அதுல தமிழ் சேனல மட்டும் சேருங்க. அத வச்சா குழந்தையால தேடவும் முடியாது, அது நல்லதுதான்.

புதுவண்ணை மகேசு அம்மா:
என் தங்கச்சி பசங்க துபாய்ல இருக்காங்க, அவங்க பாக்குறது எல்லாமே ஹிந்தி கார்ட்டூன், அதுக்கு யாராவது வழி சொல்லுங்க. லீவுக்கு இங்க வந்தப்ப டேப்லட்ல தமிழ் கார்ட்டூன் நிறைய டவுன்லோடு பண்ணி அனுப்பினோம், அங்க போனதும் எதுவும் ஓடல.

பெரம்பூர் டு டொரண்டோ:
டவுன்லோடு பண்ணதுக்கும் காலாவதி உண்டுங்க, ஆப் நாட்டையும் பாக்கும். ஊருக்கு வர்ற லீவுல சேந்து உக்காந்து பாத்துட்டுப் போறதுதான் நிச்சயம்.

தண்டையார்பேட்டை பாட்டி:
மறுபடியும் வந்தேன். பொண்ணு ப்ரொஃபைல்ல மாத்தினா, சில கார்ட்டூன்ல தமிழ் வருதாம், நான் கேட்ட படத்துல மட்டும் வரல, சரி விட்டாச்சு. அந்த தோசைக் காட்சிய பேரன் பாத்துட்டு "பாட்டி, நீயும் இப்படித்தான் பேசுவ"ன்னான், மேல என்ன வச்சாங்கன்னு கேட்டதுக்கு தக்காளின்னு தமிழ்ல சொல்லிட்டு மத்ததெல்லாம் ஜெர்மன்ல சொன்னான். சப்டைட்டில் இல்லாம பாக்க மாட்டேன்னு அடம் வேற. இதே மாதிரி வேற படம் இருக்கா?

வியாசர்பாடி அண்ணாச்சி:
பசங்க பாருங்கமா, 2009, பள்ளிக்கூடத்துல ரெண்டு பசங்களுக்குள்ள போட்டி.

பெரம்பூர் டு டொரண்டோ:
நல்ல படம்தான், ஆனா அது புதுக்கோட்டைப் பக்கம், பேச்சு மாறும். முதல்ல ஒரு காட்சி போட்டுப் பாருங்க, புரியலன்னா தள்ளி வைங்க. சப்டைட்டில் அடத்துக்கு என்கிட்டயும் முழு பதில் இல்ல. என் வகுப்புல ஒரு பையனுக்கு முதல் தடவ சப்டைட்டிலோட, ரெண்டாவது தடவ இல்லாமன்னு பேசி வச்சோம், அவன் ஒத்துக்கிட்டான், இன்னொருத்தன் இன்னும் ஒத்துக்கல.