சர்விங் சைஸ் - தமிழ்ல என்ன போடலாம்?

மலர்விழி:
வணக்கம். சுகர் இருக்கறவங்களுக்காக, பாக்கெட் பின்னாடி இருக்கற சத்து அட்டவணைய எப்படி படிக்கறதுன்னு ரெண்டு பக்க நோட்டீஸ் ஒண்ணு தயார் பண்றோம். சர்விங் சைஸுக்கு டிராஃப்ட்ல 'ஒருவேளை அளவு'ன்னு இருக்கு. படிச்சுக் காட்டுனா ஒரு அம்மா "அப்ப மூணு வேளையும் ரெண்டு ரெண்டு பிஸ்கட் சாப்பிடணுமா"ன்னு கேக்கறாங்க, மாத்திரை சீட்டுல எழுதுன மாதிரியே எடுத்துக்கறாங்க. வேற சொல் குடுங்க.

கதிர்:
'பரிமாறும் அளவு'ன்னு போடுங்க, நேரடியா இருக்கு. ஆனா எனக்கென்னவோ இவ்ளோ மெனக்கெடவே வேணாம்னு தோணுது, சுகர்காரங்க சுகர்னு இருக்கற வரிய மட்டும் பாத்தா போதுமே.

சுபா:
நான் டயட்டீஷியன், கதிர் சொன்னதுக்கு முதல்ல வரேன். பிஸ்கட்ல இருக்கற மைதாவும் வயித்துக்குள்ள போனா குளுக்கோஸாதான் ஆகும், அதனால 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை'ன்னு போட்ட பாக்கெட்லயும் பாக்க வேண்டியது மொத்த கார்போஹைட்ரேட் வரிதான், சுகர் அதுக்குள்ள ஒரு பகுதி.

ஒரு கணக்கு போட்டு காட்றேன். 150 கிராம் பாக்கெட், 20 பிஸ்கட். 100 கிராமுக்கு கார்போ 70 கிராம், அதுல சேர்த்த சர்க்கரை 20 கிராம். சர்விங் 15 கிராம், அதாவது ரெண்டே பிஸ்கட், அதுக்கு கார்போ பத்தரை கிராம். நம்ம ஆளு டீயோட ஆறு சாப்பிடுவாரு, அது 45 கிராம், கார்போ முப்பத்தொண்ணரை ஆயிடுது, ஆனா அவரு மனசுல நிக்கறது பத்தரைதான். இதவிட மோசம் பக்கத்துல இருக்கற சதவீதம். சேர்த்த சர்க்கரைக்கு எதிர்ல 6%னு இருக்கும், அது ஒரு நாளைக்கு 50 கிராம்னு வெச்சு அந்த ரெண்டு பிஸ்கட்டோட 3 கிராமுக்கு போட்ட கணக்கு. அத பாத்துட்டு 'நூத்துக்கு ஆறுதான் சர்க்கரை'ன்னு சந்தோஷமா வாங்கிட்டு போறாங்க, உண்மைல நூத்துக்கு இருபது!

ரெண்டு பிராண்ட ஒப்பிடணும்னா 100 கிராம் வரிசைய பாக்கணும், தான் சாப்பிடறது எவ்ளோன்னு தெரியணும்னா அதே வரிசைய எடுத்து தன்னோட கிராமால பெருக்கி நூறால வகுக்கணும். சர்விங் அளவ நம்ம ஊர்ல கம்பெனியே முடிவு பண்ணிக்குது. அமெரிக்கால உணவு, மருந்தக் கண்காணிக்கற அரசு அமைப்பான எஃப்.டி.ஏ ஒவ்வொரு உணவு வகைக்கும் ஒரு அளவு வெச்சிருக்கு, அதுவும் மக்கள் வழக்கமா சாப்பிடற அளவுதான், சாப்பிடச் சொல்ற அளவு இல்ல. சொல்லுல அது தெரியணும். 'பரிமாறும் அளவு' எனக்கு ஒத்து வரல, நம்ம வீட்ல போதும் போதும்னு கைய மறிக்கற வரைக்கும் பரிமாறுவாங்க.

ராஜேந்திரன்:
அம்மா எனக்கு ஒரு சந்தேகம். நான் சேமியா உப்புமா சாப்பிடறப்ப தராசுல வெச்சு பாத்தேன், 150 கிராம். பாக்கெட்ல நூறுக்கு 75னு போட்ருக்கு, அப்படின்னா 112 கிராம் கார்போவா? பயந்து போய் பாதி தட்ட வெச்சுட்டேன்.

கதிர்:
சார் இங்க சொல் பத்தி பேசிட்டிருக்கோம்...

சுபா:
இல்ல கதிர், இதுவும் நோட்டீஸ்ல வரணும். ஐயா, பாக்கெட்ல போட்டது காஞ்ச சேமியாவுக்கு, உங்க தட்டுல இருந்த எடைல பாதிக்கு மேல தண்ணியும் காயும். போடறதுக்கு முன்னாடி உங்க பங்குக்கு எவ்ளோன்னு நிறுத்துக்கங்க. 50 கிராம் போட்ருந்தா சுமார் 37 கிராம் கார்போதான். வீட்டுக்கே சேர்த்து செஞ்சா காஞ்ச சேமியா மொத்தத்த ஆள் எண்ணிக்கையால வகுங்க, ஆனா எல்லாரும் சமமா சாப்பிட்டாத்தான் அது சரியா வரும். நீங்க சுகருக்கு ஊசி போட்டுக்கறவரா? அப்படின்னா பாதி தட்ட வெக்கறதுக்கு முன்னாடி உங்க டாக்டர்ட்ட கேளுங்க, டோஸ் அப்படியே இருந்து சாப்பாடு மட்டும் கொறஞ்சா சுகர் ரொம்ப இறங்கிடும்.

ராஜேந்திரன்:
மாத்திரைதாம்மா.

சுபா:
சில மாத்திரைலயும் இறங்கும் ஐயா, பேரச் சொல்லி கேட்டுக்கங்க.

மலர்விழி:
சரி, சொல்லுக்கு வருவோம். 'கணக்குப் பங்கு' எப்படி? கம்பெனி கணக்குக்காக எடுத்துக்கிட்ட பங்குங்கற அர்த்தத்துல.

கதிர்:
பங்குன்னா ஷேர் மார்க்கெட் ஞாபகம் வருது. 'கணக்கு அளவு'?

சுபா:
கணக்கா சாப்பிடுன்னா அளவா சாப்பிடுன்னுதான அர்த்தம், அப்பறம் மறுபடியும் அந்த அம்மா கேட்ட எடத்துக்கே வந்துடுவோம். 'பாக்கெட் பங்கு'ன்னு போட்டா பாக்கெட்காரன் பிரிச்ச பங்குன்னு புரியும்னு நெனைக்கறேன்.

மலர்விழி:
எனக்கு 'கணக்குப் பங்கு'தான் புடிச்சிருக்கு. ரெண்டையும் போட்டு தனித்தனியா பிரிண்ட் எடுத்து, ரெண்டு பிஸ்கட் கணக்கையும் சேர்த்து வெயிட்டிங்ல இருக்கறவங்க கைல குடுத்து பாக்கறேன். 100 கிராம் வரிசைக்கு புதுசா சொல் எதுவும் வேணாம், 'நூறு கிராமுக்கு'ன்னே விட்டுடறேன். காஞ்ச எடைன்னு பக்கத்துலயே சேர்க்கணும்.