பொருள்: சுவை வெறுப்பா, சுவை ஒவ்வாமையா? கூடவே ‘பிரிபேர்ட்னஸ்’

நளினி:

அனைவருக்கும் வணக்கம். கல்லூரி உளவியல் நூல் ஒன்றில் கற்றல் பற்றிய இயலைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பாவ்லோவின் நாய், மணி, உமிழ்நீர் வரை சிக்கல் இல்லை. மணியை உணவோடு சேர்த்து நாய் கற்பது போன்ற கற்றலுக்கு ஆக்கநிலையிறுத்தல் என்ற சொல்லே பாடநூல்களில் நிலைத்துவிட்டது. அதற்கடுத்த பகுதியில்தான் இரண்டு சொற்கள் வழிமறிக்கின்றன. ஒன்று ‘டேஸ்ட் அவெர்ஷன்’: ஒன்றைச் சாப்பிட்டபின் வயிறு கெட்டால் அந்தச் சுவையே ஆகாமல் போவது. இன்னொன்று ‘பயாலஜிக்கல் பிரிபேர்ட்னஸ்’: சிலவற்றை மட்டும் ஒன்றோடொன்று சேர்த்து எளிதில் கற்கும்படி உயிரினம் பிறவியிலேயே அமைந்திருப்பது. இதற்கு ‘உயிரியல் தயார்நிலை’ என்று எழுதிப் பார்த்தேன். பேரிடர் மேலாண்மைத் துறையின் சுற்றறிக்கை போல இருக்கிறது. உதவுங்கள்.

மாணிக்கம்:

அம்மா, முதலாவதற்குச் ‘சுவை ஒவ்வாமை’ போதும். உடம்புக்கு ஒவ்வாததை நாக்கு தள்ளுகிறது. எளிய சொல், எல்லோருக்கும் விளங்கும்.

இரண்டாவதற்குப் புதுச்சொல்லே வேண்டாம். ‘இயல்பூக்கம்’ என்று பழைய உளவியல் நூல்களிலேயே இருக்கிறது. பாம்பைக் கண்டால் குழந்தையும் நடுங்கும், குரங்கும் நடுங்கும். கற்றுக்கொடுத்தா வருகிறது? பிறவியிலேயே உள்ளது. முப்பதாண்டு தமிழாசிரியராக இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இருக்கும் சொல்லைப் பயன்படுத்துங்கள்.

துளசி:

மாணிக்கம் ஐயா, ‘ஒவ்வாமை’ மட்டும் வேண்டாம். நான் புற்றுநோய்ப் பிரிவில் செவிலியர். எங்களுக்கு ஒவ்வாமை என்றால் அலர்ஜி: தடிப்பு, மூச்சுத்திணறல், ஊசி. நோயாளியின் அட்டையில் ‘முட்டை ஒவ்வாமை’ என்று ஒருவர் எழுதிவிட்டால் அதன்பின் எந்த வார்டிலும் அவருக்கு முட்டை கிடைக்காது. ஆனால் கீமோ ஏற்றுவதற்கு முன் இட்லி சாப்பிட்டு, பிறகு இரவெல்லாம் வாந்தி எடுத்தவர் மறுவாரம் இட்லி வாசனைக்கே முகத்தைத் திருப்புவார். அவர் உடம்புக்கு இட்லியால் ஒரு கெடுதலும் இல்லை. இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் எங்கள் வேலை கெட்டுப்போகும்.

என் கதையும் அதுதான். கல்லூரி நாட்களில் ஒருமுறை மீன் குழம்பு சாப்பிட்ட இரவு வயிற்றைப் புரட்டி எடுத்தது. விடுதியில் பாதிப் பேருக்கு அந்த வாரம் அதே வயிற்றுக் கோளாறு, மீன் தொடாதவர்களுக்கும் வந்தது. மீன் காரணமில்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்து என்ன, இன்றும் அந்த வாசனை வந்தால் குமட்டுகிறது. அதனால் ‘குமட்டல்’ என்ற சொல் உள்ளே வரவேண்டும் என்பது என் எண்ணம்.

செந்தில்:

விலங்குகளின் கற்றலைப் படிக்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். துளசி அக்கா சொன்னதில் முக்கியமான ஒன்று இருக்கிறது: காரணம் தெரிந்தும் வெறுப்பு போகவில்லை. ஆகவே அறிந்து தவிர்ப்பதைச் சொல்லும் சொல் பொருந்தாது. சொல்லுக்குப் போகுமுன் சோதனையைச் சொல்லிவிடுகிறேன். எதற்குப் பெயர் வைக்கிறோம் என்பது அதில்தான் தெரியும்.

ஜான் கார்சியா 1950களில் சான் பிரான்சிஸ்கோவில் அமெரிக்கக் கடற்படையின் கதிரியக்க ஆய்வகத்தில் இருந்தார். கதிர் படும் எலிகள் அந்தக் கூண்டில் வைத்த தண்ணீரை மட்டும் குறைவாகக் குடித்தன. சொந்தக் கூண்டில் கண்ணாடிப் புட்டி, கதிர்க் கூண்டில் பிளாஸ்டிக் புட்டி. தண்ணீரில் ஏறிய பிளாஸ்டிக் சுவையைத்தான் எலிகள் உடல் நலிவோடு சேர்த்துவிட்டன என்று அவர் கருதினார். 1955இல் சாக்கரின் இனிப்பைக் கொடுத்து அதைக் காட்டினார்கள்.

1966இல் கார்சியாவும் ராபர்ட் கோலிங்கும் செய்ததுதான் நளினியின் இயலுக்கு உரியது. எலி குழாயை நக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு விளக்கு மின்னும், ‘டிக்’ என்று ஒலி கேட்கும். தண்ணீர் இனிப்பாகவும் இருக்கும். அதாவது சுவை, ஒளி, ஒலி மூன்றும் ஒன்றாகவே எலிக்குக் கிடைக்கின்றன. சில எலிகளுக்குப் பின்விளைவு மின்னதிர்ச்சி. வேறு சிலவற்றுக்குக் கதிராலோ லித்தியம் குளோரைடாலோ வயிற்றுக் கோளாறு. பிறகு பிரித்துச் சோதித்தார்கள்: ஒருமுறை ஒளியும் ஒலியும் இல்லாத இனிப்புத் தண்ணீர், ஒருமுறை ஒளியும் ஒலியும் உள்ள வெறும் தண்ணீர். வயிறு கெட்ட எலிகள் இனிப்பை ஒதுக்கின, ஒளி ஒலியோடு வந்த தண்ணீரைக் கவலையில்லாமல் குடித்தன. அதிர்ச்சி வாங்கியவை நேர்மாறாக, இனிப்பைக் குடித்து, மின்னி ஒலித்த தண்ணீரை ஒதுக்கின.

எந்தக் குறிப்பையும் எந்த விளைவோடும் ஒரேபோலக் கட்டலாம் என்பதுதான் அதுவரை இருந்த நம்பிக்கை. இங்கே இனிப்பு பலவீனமான குறிப்பு என்று சொல்ல முடியாது, ஒரு குழுவில் அதுதான் வென்றது. அதிர்ச்சி பலவீனமான தண்டனை என்றும் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் வேலை செய்கின்றன, எது எதோடு சேர்கிறது என்பதில்தான் வேறுபாடு. அப்புறம் இடைவெளி. ஒலி கேட்டதும் கண் இமைக்கப் பழக்குவது போன்ற பாடங்களில் ஒலிக்கும் கண்ணில் ஊதும் காற்றுக்கும் நடுவே சில நொடி போனாலே கற்றல் தளர்ந்துவிடும். சுவைக்கும் நலிவுக்கும் நடுவே மணிக்கணக்கில் போனாலும், ஒரே தடவையில், எலி கற்றுக்கொள்கிறது.

மாணிக்கம் ஐயாவுக்கு: இயல்பூக்கம் பொருந்தாது. எலி பிறக்கும்போது சாக்கரினை வெறுப்பதில்லை, விரும்பிக் குடிக்கும். வெறுப்பு கற்றதுதான், கற்கும் எளிமைதான் பிறவியில் வந்தது. பாம்பும் அப்படியே. ஆய்வகத்தில் வளர்ந்த ரீசஸ் குரங்குகளுக்குப் பாம்பைக் கண்டு அச்சமே இருக்கவில்லை. வேறொரு குரங்கு பாம்பைப் பார்த்து அஞ்சும் காணொளியைக் காட்டியதும் கற்றுக்கொண்டன. அதே காணொளியை வெட்டி ஒட்டி, குரங்கு பூவைப் பார்த்து அஞ்சுவதாகக் காட்டியபோது பூவுக்கு அஞ்சக் கற்கவில்லை. மைக்கேல் குக், சூசன் மினேகா இருவரும் 1989இல் வெளியிட்டது இது.

மாணிக்கம்:

தம்பி, குரங்கின் செய்தி எனக்குப் புதிது. இயல்பூக்கத்தை விட்டுவிடுகிறேன், ஒவ்வாமையையும். ஆனால் ‘குமட்டல்’ வேண்டுமா? எலி குடிக்க மறுக்கிறது, அவ்வளவுதானே நாம் காண்பது? ‘சுவை விலக்கம்’ என்றால் கண்டதை மட்டும் சொல்லும். எலிக்குக் குமட்டியதா என்று யார் கேட்டார்கள்?

செந்தில்:

ஐயா, நல்ல கேள்வி. எலி வாந்தியே எடுக்காது, அதற்கு அந்த அமைப்பு இல்லை. ஆனாலும் கேட்க ஒரு வழி உண்டு. சுவைநீரைச் சிறு குழாய்வழி நேராக வாய்க்குள் விட்டு முகத்தைப் படம் பிடிப்பார்கள். பிடித்த இனிப்பென்றால் நாக்கை நீட்டி நக்கும். லித்தியத்தோடு சேர்ந்த பிறகு அதே இனிப்புக்கு வாயை அகலத் திறந்து, கீழ்ப்பற்கள் தெரிய, முக்கோணமாக விரிக்கும். கசப்பான குவினைனுக்குச் செய்வது போலவே.

நுட்பம் இங்கேதான். தக்க முறையில் பழக்கினால் மின்னதிர்ச்சியோடும் ஒரு சுவையைச் சேர்க்கலாம், எலி அதைக் குறைத்துக் குடிக்கும். ஆனால் வாயில் விட்டால் அந்த விரிப்பு வராது. அதாவது அது ஆபத்தின் அறிகுறியாகிறது, சுவை கெட்டதாக ஆகவில்லை. இரண்டும் இரண்டு. ‘சுவை விலக்கம்’ இரண்டையும் தழுவும் பொதுச்சொல்லாக இருக்கட்டும், அருவருப்போடு வருவதற்குச் ‘சுவை வெறுப்பு’ என்று வைக்கலாம். ‘குமட்டல்’ என்றால் அந்த நேரத்து உடல்நிலை என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

ரமணன்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட பாடநூல்களில் ஆக்கநிலையிறுத்தல் என்பது நிபந்தனைப்படுத்தல். செந்தில் சொன்னதைப் பார்த்தால் அந்த அத்தியாயத்தையே எடுத்துவிடலாம் போல் இருக்கிறதே? பாவ்லோவ் பிழை என்று நிறுவப்பட்டுவிட்டது என்றால், நளினி ஏன் அதன் சொற்களைக் காவ வேண்டும்? கற்றல் வேறு, இது வேறு என்று தனிப்பெயர் வையுங்கோ.

செந்தில்:

ரமணன், அந்த அளவுக்குப் போகவேண்டாம். சுவை வெறுப்பு பல விதத்தில் நிபந்தனைப்படுத்தல் போலவே நடக்கிறது. அந்தச் சுவையை நலிவில்லாமல் திரும்பத் திரும்பக் கொடுத்தால் வெறுப்பு தேய்கிறது. நெருங்கிய சுவைக்கும் பரவுகிறது. முன்பே பழகிய சுவை எளிதில் மாட்டாது. துளசி அக்காவின் நோயாளிகளிடமே பார்க்கலாம். ஐலின் பெர்ன்ஸ்டைன் 1978இல் புற்றுநோய் சிகிச்சையில் இருந்த குழந்தைகளுக்குக் கீமோவுக்கு முன் பழக்கமில்லாத சுவையில் ஐஸ்கிரீம் கொடுத்தார். பிறகு அதையா விளையாட்டையா என்று கேட்டபோது ஐஸ்கிரீமைத் தேர்ந்தவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். கீமோ மட்டும் பெற்றவர்கள், ஐஸ்கிரீமோடு வயிற்றைப் புரட்டாத மருந்து பெற்றவர்கள் ஆகிய ஒப்பீட்டுக் குழுக்களிலோ மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ. குறிப்பும் விளைவும் சேர்ந்தால்தான் கற்றல் என்ற விதி அங்கே அப்படியே நிற்கிறது. உடைந்தது, எதையும் எதோடும் சமமாகச் சேர்க்கலாம் என்ற எண்ணம் மட்டும்.

துளசி:

இது எங்களுக்கு உடனே பயன்படும். சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் நடுவே புதுச்சுவை மிட்டாய் ஒன்றைக் கொடுத்தால் வெறுப்பு அதில் ஏறி, வழக்கமான உணவு தப்பும் என்று படித்திருக்கிறேன். அது இதனால்தானா? அந்த மிட்டாய்க்கும் ஒரு பெயர் வேண்டும்.

செந்தில்:

ஆமாம் அக்கா, அதேதான். பெர்ன்ஸ்டைனே பிறகு செய்து பார்த்தார். பலிகடா என்றுதான் அதைச் சொல்கிறார்கள், தமிழிலும் அப்படியே நிற்கும்.

இனி ‘பிரிபேர்ட்னஸ்’. 1970இல் உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் இதை ஒற்றை நிலையாக வைக்கவில்லை, ஒரு தொடராக வைத்தார். ஒரு முனையில் ஒரே தடவையில் சேர்பவை, நடுவில் பலமுறை பழகிச் சேர்பவை, மறுமுனையில் எவ்வளவு பழக்கினாலும் சேராதவை. தோர்ன்டைக்கின் பூனைகள் கயிறு இழுத்துக் கூண்டைத் திறக்கச் சுலபமாகக் கற்றன. தன்னை நக்கிக்கொண்டால் கதவு திறக்கும் என்று வைத்தபோது, நாள் போகப் போக நக்குவது சுருங்கி, தலையைச் சற்றே அசைத்துவிட்டுக் கதவைப் பார்ப்பதாகிவிட்டது. ‘தயார்நிலை’ என்றால் இந்த மறுமுனைக்குப் பெயர் கிடைக்காது. ‘கற்சாய்வு’ என்றால் மூன்றும் அமையும்: முன்சாய்வு, சாய்வின்மை, எதிர்ச்சாய்வு.

மாணிக்கம்:

‘கற்சாய்வு’ என்றால் கல் சாய்ந்தது என்று படிப்பான் மாணவன். ‘கற்றற்சாய்வு’ இலக்கணப்படி சரி, வாயில் நுழையாது. ‘இணைசாய்வு’ என்று வையுங்களேன், சேர்வதில்தானே சாய்வு?

இன்னொரு ஐயமும் உண்டு. எளிதில் கற்றதால் சாய்வு உண்டு என்கிறோம், சாய்வு இருப்பதால் எளிதில் கற்றது என்கிறோம். இது வட்டமாக இல்லையா?

செந்தில்:

அந்தக் குறை உண்மையானது ஐயா, செலிக்மன் மீதும் அதைச் சொல்லியிருக்கிறார்கள். வட்டத்தை உடைக்க ஒரே வழி, கற்பதைப் பார்க்குமுன் விலங்கின் வாழ்க்கையிலிருந்து முன்கூட்டிச் சொல்வது. இரவில் முகர்ந்தும் சுவைத்தும் தின்னும் எலிக்கும், பகலில் பார்த்துக் கொத்தும் காடைக்கும் ஒரே சாய்வு இருக்கக்கூடாது. 1971இல் வில்காக்சன் குழுவினர் நீல நிறமும் புளிப்பும் சேர்ந்த தண்ணீரைக் கொடுத்து இரண்டுக்கும் நலிவு ஏற்படுத்தினார்கள். எலி புளிப்பை மட்டும் ஒதுக்கியது. காடை நீலத்தையும் ஒதுக்கியது, அதையே வலுவாக. ஆனால் மனிதரின் பாம்பு அச்சத்துக்கு இவ்வளவு தெளிவான சான்று இன்னும் இல்லை. பூர்வீகக் காட்டு வாழ்க்கையை நாம் ஊகிக்கத்தான் முடியும்.

நளினி:

எல்லோருக்கும் நன்றி. ‘சுவை விலக்கம்’ பொதுவாகவும் ‘சுவை வெறுப்பு’ அருவருப்புள்ள இடத்திலும் வருகின்றன. துளசியின் அட்டைக்காக, இது ஒவ்வாமை அல்ல என்று ஒரு வரி சேர்க்கிறேன். ‘இணைசாய்வு’ எனக்குப் பிடித்திருக்கிறது, செந்திலின் மூன்று படிகளும் அதில் அமைகின்றன. ரமணன், உங்கள் பாடநூல்களில் ‘சாய்வு’ கணிதத்தில் எந்தப் பொருளில் வருகிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா?

ரமணன்:

கோட்டின் சரிவுக்கு நாங்கள் ‘படித்திறன்’ என்பம், ஆகவே மோதல் இல்லை. ஆனால் பக்கச்சார்பு என்ற பொருளில் ‘சாய்வு’ எடுபடும். குரங்கு பக்கச்சார்பாகக் கற்றது என்று பிள்ளைகள் விளங்கினால் பரவாயில்லையா?