புதிய தையல் சேவை: உறவினருக்கும் பழைய சக ஊழியருக்கும் ஒரே அறிவிப்பு போதுமா?

ஊசிமுனை: வீட்டிலிருந்தபடியே தையல் வேலை தொடங்கியிருக்கிறேன். உறவினர்களுக்கும் முன்பு உடன் பணியாற்றியவர்களுக்கும் வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியை அனுப்பி, "தெரிந்தவர்கள் அனைவரிடமும் சொல்லுங்கள்" என்று கேட்கலாமா?

கத்தரி: தாராளமாகக் கேட்கலாம். புதிய குழு தொடங்கினால் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆகவே பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்புங்கள், ஒவ்வொருவருக்கும் தனிச்செய்தியாகப் போய்ச் சேரும்.

நூல்கண்டு: குழு வேண்டாம் என்பது சரி. ஆனால் பிராட்காஸ்ட் செய்தி, உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே சென்று சேரும். உறவினர்களிடம் அது பெரும்பாலும் இருக்கும். வேலையை விட்டுப் பல காலம் ஆகியிருந்தால் பழைய சக ஊழியர்களிடம் இருக்குமென்று சொல்ல முடியாது. செய்தியே கிடைக்காதவரை அக்கறையற்றவர் என்று நீங்கள் எண்ணிக்கொள்ள நேரும். அவர்களுக்குத் தனித்தனியாக, எந்த அலுவலகத்தில் உடன் இருந்தீர்கள் என்ற ஒரு வரியுடன் எழுதுங்கள்.

"அனைவரிடமும்" என்று கேட்டால் படிப்பவர் மனத்தில் எந்த முகமும் தோன்றாது. ஒரே ஒரு வேலையைச் சொல்லிக் கேளுங்கள்: "பொருந்தாமல் அலமாரியில் கிடக்கும் கால்சட்டை, சட்டைகளின் நீளத்தையும் இடுப்பையும் சரிசெய்து தருகிறேன். அப்படி யாரேனும் உங்கள் நினைவுக்கு வந்தால், இச்செய்தியை அவருக்கு அனுப்பிவையுங்கள். விருப்பமிருந்தால் அவரே என்னை அழைக்கட்டும்." பிறர் எண்ணை அவர் அனுமதியின்றி வாங்கும் சங்கடமும் இதில் இல்லை.

மடிப்பு: நான் தொடங்கியபோது எல்லா வகை ஆடைகளும் தைப்பதாக எழுதியதால், உறவினர்கள் விசேஷத் துணிகளை ஒரே வாரத்தில் கொண்டுவந்து குவித்தார்கள், கூலியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தையல் இயந்திரத்துக்கு எந்த மோட்டார் வாங்குவது என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

நூல்கண்டு: மோட்டாரைப் பற்றி அவர் கேட்கவில்லையே. உங்கள் அனுபவத்திலிருந்து அவர் எடுத்துக்கொள்ள வேண்டியது, வாரத்திற்கு எத்தனை உருப்படி ஏற்பீர்கள் என்பதையும் கூலியையும் செய்தியிலேயே எழுதிவிட வேண்டும் என்பதுதான்.

கத்தரி: சொந்த அத்தைக்குக் கூலிப் பட்டியல் அனுப்புவது மரியாதையாக இருக்காது. கேட்டால் சொன்னால் போதும்.

நூல்கண்டு: கேட்கத் தயங்குபவர் துணியைக் கொண்டுவரவே மாட்டார் என்பது என் கருத்து. அத்தைக்குச் சலுகை தருவதாக இருந்தால் அதை அவரிடம் நேரில் சொல்லலாம்.

ஊசிமுனை: இடுப்பைத் தளர்த்த முடியுமா என்பதைத் துணியைப் பார்க்காமல் எப்படி ஒப்புக்கொள்வது?

நூல்கண்டு: தையலின் உட்புறத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி ஒரு வரி சேருங்கள். உள்ளே துணி விட்டிருந்தால்தான் தளர்த்த முடியும். விட்டிருந்தாலும் பழைய ஊசித் துளைகளும், மறைந்திருந்த பகுதியின் வெளுக்காத நிறமும் வெளியே தெரியக்கூடும் என்பதை ஏற்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கத்தரி: படம் கேட்பது சரியே. உறவினருக்குக் கூலியை எழுதுவதை மட்டும் நான் இன்னும் ஏற்கவில்லை.