வி.ஆர்.எஃப். முறையா, வெப்பப் பம்பா: கார்பன் அறிக்கையில் எங்கள் முடிவு தலைகீழாக மாறிய அனுபவம்

குளிர்காற்று (லண்டன்):
நான் கட்டடங்களின் குளிரூட்டல், மின்சார வடிவமைப்பில் பணிபுரிகிறேன். சென்ற ஆண்டு லண்டனில் ஓர் ஐந்து மாடி அலுவலகத்துக்கு இரண்டு தெரிவுகளை ஒப்பிட்டோம். முதலாவது, ஆர்-410ஏ வாயுவில் இயங்கும் வி.ஆர்.எஃப். முறை, அதாவது வெளிப்பெட்டியிலிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் குளிரூட்டும் வாயுவையே குழாயில் அனுப்பும் முறை. இரண்டாவது, கூரையில் ஆர்-32 வாயுவில் இயங்கும் வெப்பப் பம்பு, அதிலிருந்து தண்ணீர்க் குழாய்கள், ஒவ்வொரு தளத்திலும் அந்தத் தண்ணீர் ஓடும் சுருளின் மேல் காற்றை ஊதும் ஃபேன் காயில். கணக்கிட்ட காலம் 60 ஆண்டுகள்.

எங்கள் முதல் அறிக்கை வி.ஆர்.எஃப். முறையையே தேர்ந்தெடுத்தது. அதன் கருவிகளையும் குழாய்களையும் உற்பத்தி செய்வதில் 70 டன் கார்பன் உமிழ்வு. தண்ணீர் முறையில் இரும்புக் குழாயும் ஃபேன் காயில்களும் சேர்ந்ததால் 110 டன். மின் செலவிலும் வி.ஆர்.எஃப். ஆண்டுக்கு 90,000 யூனிட், மற்றது பம்புகளுக்கான மின்சாரத்தையும் சேர்த்து 1,05,000 யூனிட். யூனிட்டுக்கு 0.2 கிலோ கார்பன் உமிழ்வு என்று 60 ஆண்டுகளுக்கும் ஒரே அளவாக வைத்துக்கொண்டபோது 1,080 டன்னும் 1,260 டன்னும் வந்தன. இரண்டு வரிசையிலும் வென்றதால் யாருக்கும் ஐயம் எழவில்லை.

அறிக்கையை மறுபார்வை செய்த மூத்தவர் கேட்டது ஒரே கேள்வி: "பி1 வரிசை ஏன் காலியாக இருக்கிறது?" அந்த வரிசையில்தான் கட்டடம் பயன்பாட்டில் இருக்கும்போது கசியும் வாயு வர வேண்டும். தளம் தளமாக ஓடும் செம்புக் குழாய்கள் முழுவதும் வாயு நிரம்பியிருப்பதால் வி.ஆர்.எஃப். முறைக்கு 150 கிலோ தேவைப்பட்டது. ஆண்டுக்கு 6 சதவீதம் கசியும் என்று வைத்தால் 9 கிலோ. ஆர்-410ஏ வாயுவின் புவி வெப்பமாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைப் போல 2,088 மடங்கு என்பதால், அது ஆண்டுக்கு ஏறத்தாழ 19 டன், 60 ஆண்டுகளில் 1,127 டன். அந்த முறையின் மொத்த மின்சாரத்தால் வரும் 1,080 டன்னுக்கும் மேலான தொகை, ஒரு காலி வரிசையில் மறைந்து கிடந்தது. வெப்பப் பம்பில் வாயு கூரைப் பெட்டிக்குள்ளேயே அடங்கிவிடுவதால் 60 கிலோவும் 2 சதவீதமும் போட்டோம். அது 49 டன்னில் நின்றது.

கருவிகளை மாற்றுவதால் வரும் கார்பனையும் விட்டிருந்தோம். 15 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் வி.ஆர்.எஃப். 70 டன்னிலிருந்து 220 டன்னாகிறது. தண்ணீர் முறையில் குழாய்கள் அப்படியே இருக்க, 20 ஆண்டுக்கு ஒருமுறை பம்பும் காயிலும் மட்டும் மாறுவதால் 200 டன். ஆக, 2,427 டன்னுக்கு எதிரே 1,509 டன். இதைப் போல வேறு யாருக்கேனும் நேர்ந்ததா?

அடையாறு:
எனக்கு இந்தக் கணக்கே தேவையற்றதாகத் தோன்றுகிறது, ஐயா. சென்னையில் நாங்கள் பழைய குளிர்விப்பானை மாற்றி, தண்ணீரால் குளிரும் புதியதை வைத்தோம். ஆண்டுக்கு 2,40,000 யூனிட் மிச்சம். இந்திய மின் தொகுப்பில் யூனிட்டுக்கு 0.7 கிலோவுக்கு மேல் என்பதால் ஆண்டுக்கு 170 டன் மிஞ்சுகிறது. இதன் முன்னே இரும்புக் குழாயின் கார்பனை எண்ணிக்கொண்டிருப்பது யானையை விட்டுவிட்டு அதன் கழுத்து மணியை எடை போடுவதற்குச் சமம். மின் செலவு குறைந்த முறையைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

செம்புக்குழாய்:
அடையாறு அவர்கள் சென்னையைப் பொறுத்தவரை சொன்னது சரி. அதைப் பொதுவிதியாக்கியதுதான் பிழை. அங்கே மின்சாரம் கரி மிகுந்தது, குளிரூட்டலும் ஆண்டு முழுவதும் ஓடுகிறது. லண்டன் கணக்கிலோ, மின்சாரம் வரும் ஆண்டுகளில் தூய்மையாகும் என்று எடுத்துக்கொண்டு 60 ஆண்டுச் சராசரியை 0.05 கிலோ என வைத்துப் பாருங்கள்: இரு முறைகளுக்கும் இடையிலான மின்சார வேறுபாடு 180 டன்னிலிருந்து 45 டன்னாகச் சுருங்கும். கசிவு மட்டும் சுருங்காது, ஏனெனில் அது மின் தொகுப்பைச் சார்ந்ததே அல்ல.

குளிர்காற்று அவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி. 70 டன், 110 டன் என்ற எண்கள் எங்கிருந்து வந்தன? உற்பத்தியாளரின் சரிபார்க்கப்பட்ட சூழல் அறிவிப்பு இல்லாத கருவிகளுக்கு பிரிட்டனின் கட்டடச் சேவைப் பொறியாளர் அமைப்பான சிப்சியின் டி.எம்.65 முறையில் எடையையும் பொருள்களையும் கொண்டு கணக்கிடுவோம்; தெரியாதவற்றை ஈடுகட்ட அதில் ஒரு கூடுதல் பெருக்கி சேர்ந்தே வரும். ஒரு முறைக்கு அறிவிப்பையும் மற்றதற்கு டி.எம்.65 எண்ணையும் போட்டால், கருவிகள் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டாவது கனமாகத் தெரியும். நான் இப்படி ஏமாந்து, ஒரு நல்ல காற்றுக் கையாளும் கருவியைத் தள்ளிவிட்டிருக்கிறேன்.

குளிர்காற்று:
உண்மைதான். வி.ஆர்.எஃப். வெளிப்பெட்டிக்கு மட்டும் அறிவிப்பு கிடைத்தது, மற்ற அனைத்தும் டி.எம்.65. அதையும் ஒரே முறைக்கு மாற்றிப் பார்த்தாக வேண்டும்.

முல்லை:
நான் கட்டடக்கலை பயில்கிறேன். கூரையில் சூரியத் தகடுகளை வைத்துவிட்டால் இந்த உமிழ்வுகள் ஈடாகிவிடாதா?

செம்புக்குழாய்:
இரண்டு முறைகளின் மேலும் ஒரே தகடுகள்தான் வரும், அம்மா. ஆகவே ஒப்பீடு மாறாது. மேலும், தகடு தரும் மின்சாரம் கசிந்த வாயுவைத் திரும்பப் பிடிப்பதில்லை.

மின்கம்பி:
நான் மின்சாரப் பக்கம். எங்களிடமும் இதே இழுபறி உண்டு, ஆனால் யாரும் கேட்பதில்லை. 100 மீட்டர் நீளமுள்ள மூன்று கட்ட இணைப்புக்கு 70 சதுர மி.மீ. செம்புக் கேபிளே போதுமானதாக இருந்தது. நான் 95 போடலாம் என்றேன். கூடுதல் செம்பு ஏறத்தாழ 89 கிலோ. ஒரு கிலோவுக்கு 4 கிலோ என்று தாராளமாகவே வைத்தாலும், தயாரிப்பில் 360 கிலோ கார்பன். மறுபுறம், 120 ஆம்பியரில் ஆண்டுக்கு 2,500 மணி நேரம் ஓடினால் கம்பியில் வெப்பமாக வீணாகும் மின்சாரம் 810 யூனிட் குறைகிறது. 0.2 கிலோ கணக்கில் இரண்டே கால் ஆண்டில் சமமாகிறது, சென்னையிலோ ஏழெட்டு மாதத்தில். செம்புக்குழாய் அவர்கள் சொன்ன 0.05-ஐப் போட்டாலும் ஒன்பது ஆண்டு. கேபிளின் ஆயுளோ அதைவிட நீண்டது. எந்த மின்சாரக் கணிப்பிலும் பெரிய கேபிளே வெல்கிறது என்பதால், இதை முடிவு செய்ய நீண்ட அறிக்கையே வேண்டியதில்லை. வாயுவில் அப்படி இல்லை என்று தெரிகிறது.

அடையாறு:
ஒத்துக்கொள்கிறேன். ஆயினும் 6 சதவீதம் என்பது மிகை. ஒழுங்காக வெல்டிங் செய்து அழுத்தச் சோதனை செய்த குழாயில் அவ்வளவு கசிந்தால் யாருடைய அலுவலகமும் குளிராது.

குளிர்காற்று:
கசிந்ததை ஒவ்வோர் ஆண்டும் நிரப்பிவிடுவதால்தான் குளிர்கிறது. ஆனால் உங்கள் ஐயம் எங்களையும் தொட்டது. ஆர்-32 வாயுவுக்கே மாறிய வி.ஆர்.எஃப். முறையை அதே 150 கிலோவோடு கணக்கிட்டோம். அதன் திறன் 675 மடங்கு. 6 சதவீதம் கசிந்தால் மொத்தம் 1,664 டன், தண்ணீர் முறையின் 1,509-ஐவிட அதிகம். 2 சதவீதம் என்றால் 1,422 டன், வி.ஆர்.எஃப். வென்றுவிடுகிறது. அதே 2 சதவீதத்தை 0.05 கிலோ மின்சாரத்தோடு போட்டால் 612-க்கு 564 என்று மீண்டும் தண்ணீர் முறை முந்துகிறது. இவ்வளவு நெருக்கமான எண்களைக் காட்டி உரிமையாளரிடம் "இதுவே சிறந்தது" என்று எழுத என் கை வரவில்லை.

ஆகையால் அவருடைய பழைய கட்டடம் ஒன்றின் பராமரிப்புப் பதிவேட்டைக் கேட்டோம். 90 கிலோ வாயு உள்ள முறையில் நான்கு ஆண்டில் 7 கிலோ நிரப்பியிருந்தார்கள். ஆண்டுக்கு 2 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு.

செம்புக்குழாய்:
நிரப்பியதை மட்டும் எண்ணாதீர்கள். ஒரு கிளைக்குழாய் உடைந்து வாயு முழுவதும் ஒரே இரவில் போய், கருவியையே மாற்றியிருந்தால் அந்தப் புதிய வாயு "புதிய கருவி" என்ற கணக்கில் எழுதப்பட்டிருக்கும், நிரப்பியது என்று எழுதப்பட்டிருக்காது. கருவி வாங்கிய பட்டியலையும் சேர்த்துப் பாருங்கள்.

குளிர்காற்று:
பார்த்தேன். மூன்றாம் ஆண்டில் ஒரு வெளிப்பெட்டி மாற்றப்பட்டிருக்கிறது, காரணம் எழுதப்படவில்லை. அப்போது பணியில் இருந்த பராமரிப்பாளரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.